கெடு தாண்டிய பில்லுக்குப் போனில் பேசுவது

கேள்வி: வேலை முடித்து பில் கொடுத்தாச்சு. கெடு தாண்டி மூன்று வாரம் ஆகிறது. போன் செய்தால் ஒன்று தடுமாறுகிறேன், இல்லை கோபப்பட்டுவிடுகிறேன். என்ன பேசினால் ஒரு தேதியாவது கிடைக்கும்?

பதில்:

திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு டேக் அச்சடித்துக் கொடுக்கிறேன். ஆரம்பத்தில் எல்லா போனையும் முதலாளிக்கே போட்டுக்கொண்டிருந்தேன். அது தப்பு. முதலில் அக்கவுண்ட்ஸில் கேளுங்கள்: "எங்க பில் என்ட்ரி ஆயிடுச்சுங்களா?" பாதி நேரம் பில் கணக்கில் ஏறியே இருக்காது. பி.ஓ. எண் இல்லை என்றோ, டெலிவரி சலானில் கையெழுத்து இல்லை என்றோ யாருடைய மேஜையிலோ கிடக்கும். அது தெரியாமல் முதலாளியிடம் சூடானால் நாம்தான் அசடு வழிய வேண்டும்.

சனிக்கிழமை கூப்பிடாதீர்கள். எங்கள் ஊரில் அன்று வாரச் சம்பளம், கையில் இருப்பதெல்லாம் அதற்கே போகும். நான் செவ்வாய், புதன் காலை பதினொரு மணிக்கு மேல் கூப்பிடுவேன். பில் எண், தேதி, தொகை, கெடு முடிந்த நாள் நான்கையும் ஒரு துண்டுத்தாளில் எழுதி முன்னால் வைத்துக்கொள்வேன். கோபம் வரும்போது கண் அந்தத் தாளுக்குப் போனால் போதும்.

போன வருடம் ஒரு கம்பெனி 84,960 ரூபாய் தர வேண்டியிருந்தது. 24,000 டேக், 30 நாள் கெடு, அதற்கு மேல் 22 நாள் ஓடிவிட்டது. பேசியது ஏறக்குறைய இப்படி:

"வணக்கம்ண்ணா, டேக் பிரிண்டிங்லருந்து பேசறேன். ரெண்டு நிமிஷம் பேசலாங்களா?"

"சொல்லுங்க."

"நம்ம 84,960 ரூபா பில், போன மாசம் 14-ம் தேதியோட கெடு முடிஞ்சுது. அக்கவுண்ட்ஸ்ல என்ட்ரி ஆயிடுச்சுன்னு சொன்னாங்க. எந்தத் தேதில போடறீங்கண்ணா?"

இதைக் கேட்டதும் வாயை மூடிக்கொள்ள வேண்டும். எனக்கு இதுதான் பெரிய கஷ்டமாக இருந்தது. அவர் யோசிக்கிற அந்த நாலு நொடி தாங்காமல் "பரவால்லைண்ணா, முடிஞ்சப்ப போடுங்க" என்று நானே சொல்லி, நானே கெடு கொடுத்து வந்த காலமெல்லாம் உண்டு. "பேப்பர்காரனுக்குக் கொடுக்கணும், வீட்டுல ரொம்ப கஷ்டம்" என்றும் இழுக்க வேண்டாம். நம் கஷ்டத்தைச் சொன்னால் பேச்சு அவருடைய கஷ்டத்துக்குத் தாவிவிடும்.

"அடுத்த வாரம் பார்க்கலாம்" என்றார். அது தேதி இல்லை.

"சரிங்கண்ணா. அடுத்த வாரம்னா புதனா, வெள்ளியா? நான் குறிச்சுக்கறேன்."

உடனே கதை மாறியது. "உங்க டேக்ல கலர் மாறியிருக்கு, அதைப் பேசாம எப்படிப் போடறது?" பழைய ஆளாக இருந்தால் இங்கே கத்தியிருப்பேன். இப்போது ஒரே கேள்விதான்: "எத்தனை டேக்குங்கண்ணா?" மூவாயிரம் என்றார். அதன் மதிப்பு 10,620 ரூபாய்.

"அதை மட்டும் தனியா வெச்சுக்கலாம். சாம்பிளை நாளைக்கு வந்து பார்க்கறேன். மீதி 74,340 வெள்ளிக்கிழமை வந்துருங்களா?"

"சரி, வெள்ளி போடச் சொல்றேன்."

"பையர்கிட்டருந்தே பணம் வரலை" என்று சொல்லியிருந்தால், இப்போதைக்குப் பாதி, மீதிக்கு இன்னொரு தேதி என்று கேட்டிருப்பேன். இரண்டுக்கும் தேதி வேண்டும்.

போனை வைத்ததும் வாட்ஸ்அப்: "அண்ணா, பேசினபடி வெள்ளி 74,340. கலர் மாறின 3,000 டேக் சாம்பிள் பார்த்துட்டு முடிச்சுக்கலாம். நன்றி." அதே செய்தி அக்கவுண்ட்ஸுக்கும். அவர் மறுத்து எதுவும் அனுப்பாவிட்டால் பேச்சு எழுத்தில் நின்றுவிடும். சொன்ன நாளில் வராவிட்டால் மறுநாள் காலையே கூப்பிடுங்கள், ஒரு வாரம் விட்டால் தேதிக்கு மதிப்பு போய்விடும்.

உத்யம் பதிவு வைத்திருக்கும் குறு, சிறு உற்பத்தியாளராகவோ சேவை தருபவராகவோ இருந்தால் இன்னொரு பிடி உண்டு. எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாளில் பணம் தர வேண்டும் என்கிறது 2006-ம் ஆண்டுச் சட்டம். 2024 ஏப்ரலில் அமலுக்கு வந்த வருமான வரி விதிப்படி, அதைத் தாண்டி நிலுவையில் இருக்கும் தொகையை, கொடுக்கிற வருடத்தில்தான் அவர்கள் செலவாகக் காட்ட முடியும். இதை முதலாளியிடம் சொன்னால் மிரட்டல் மாதிரி இருக்கும். நான் பிப்ரவரி, மார்ச்சில் அக்கவுண்டண்டிடம் மட்டும், "ஆடிட்டர் கேட்பாருங்களே" என்று சாதாரணமாகச் சொல்வேன். வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கு இது பொருந்தாது.

வெள்ளி மதியம் 74,340 வந்தது. சாம்பிளை முன்னாலேயே போய்ப் பார்த்திருந்தேன், நிறம் மாறியது உண்மைதான். 10,620-க்குக் கிரெடிட் நோட் போட்டுக் கொடுத்தேன்.