நான்காவதாக வந்தவள் அரையிறுதிக்கு, அரையிறுதியில் முதல் லேனுக்கு: 200 மீட்டரின் கணக்கு

கேள்வி: 200 மீட்டர் ஹீட்ஸில் எங்கள் பள்ளி மாணவி நான்காவதாக வந்தும் அரையிறுதிக்குத் தேர்வானாள். வேறொரு ஹீட்டில் நான்காவதாக வந்த பெண் வெளியேறிவிட்டாள். அரையிறுதியில் எங்கள் மாணவிக்கு முதல் லேன் கொடுத்து, எல்லோருக்கும் பின்னால் நிற்க வைத்தார்கள். இதெல்லாம் எப்படித் தீர்மானிக்கப்படுகிறது? இது அநியாயம் இல்லையா?

பதில்: நீங்கள் பார்த்த மூன்றும் ஒரே கணக்கின் தொடர்ச்சி. 32 பேர் ஓட வந்த ஒரு 200 மீட்டர் போட்டியை வைத்து அந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

லேன்கள் எட்டு என்பதால் 32 பேரும் நான்கு ஹீட்களாகப் பிரிக்கப்படுகிறார்கள். அரையிறுதிக்குத் தேவைப்படுவோர் 16 பேர். ஒவ்வொரு ஹீட்டிலும் முதல் மூன்று இடம் பெறுபவர்கள் என்ன நேரத்தில் ஓடியிருந்தாலும் நேரடியாகத் தகுதி பெறுவார்கள்; அப்படிப் 12 பேர் கிடைக்கிறார்கள். மிச்சமுள்ள நான்கு இடங்களுக்கு, நேரடித் தகுதி பெறாத அத்தனை பேரின் நேரத்தையும் ஒரே பட்டியலில் வைத்து, வேகமான நால்வரை எடுப்பார்கள். ஒட்டப்படும் முடிவுத்தாளில் இட அடிப்படையில் தகுதி பெற்றவரின் பெயருக்கு அருகில் பெரிய Q எழுத்தும், நேர அடிப்படையில் தகுதி பெற்றவருக்குச் சிறிய q எழுத்தும் இருக்கும்.

உங்கள் மாணவி ஓடியது இரண்டாவது ஹீட் என்றும், அவள் 27.18 வினாடியில் நான்காவதாக வந்தாள் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். அதே ஹீட்டில் ஐந்தாவதாக வந்தவள் 27.35. நான்காவது ஹீட்டின் நான்காம் இடம் 27.40, முதல் ஹீட்டின் நான்காம் இடம் 27.62, மூன்றாவது ஹீட்டின் நான்காம் இடம் 27.95. இந்தப் பட்டியலில் முதல் நால்வர் உள்ளே வர, 27.95 ஓடியவள் வெளியேறுகிறாள். வேகமான இரண்டாவது ஹீட்டிலிருந்து ஐந்து பேர், மெதுவான மூன்றாவது ஹீட்டிலிருந்து மூன்றே பேர் என்று ஆகிறது. ஆனால் அந்த மூன்றாவது ஹீட்டில் மூன்றாவதாக வந்தவள் 27.80 வினாடியில் ஓடியிருந்தாலும் Q பெற்றே போவாள். அவளைவிட வேகமாக ஓடிய சிலர் q எழுத்துக்காகக் காத்திருக்க நேர்வது பார்வையாளர்களுக்கு உறுத்தலாகத்தான் இருக்கும்.

இடத்துக்கு இத்தனை மதிப்புத் தருவதற்குக் காரணம் உண்டு. ஒரு ஹீட் ஓடும்போது பின்காற்று வீசியிருக்கலாம், அடுத்த ஹீட்டில் அதே காற்று எதிர்த்து அடித்திருக்கலாம். அருகில் விரட்டுவதற்கு ஆள் இருந்தால் ஒருவர் கடைசிவரை முழு வேகத்தில் ஓடுவார். ஆள் இல்லாவிட்டால் கடைசிப் பத்து மீட்டரில் தளர்த்திக்கொள்வார். ஆகவே இரண்டு ஹீட்களின் நேரங்களை ஒப்பிடும்போது ஓரளவு பிழை எப்போதும் ஒளிந்திருக்கிறது. ஒரே ஹீட்டில் யார் முன்னால் வந்தார் என்பதில் அந்தப் பிழை இல்லை.

இதே முறைதான் அரையிறுதிக்கான தரவரிசையிலும் தொடர்கிறது. நான்கு ஹீட்களில் முதலிடம் பெற்றவர்கள் தங்களுக்குள் நேர வரிசைப்படி 1 முதல் 4 வரையும், இரண்டாம் இடத்தினர் 5 முதல் 8 வரையும், மூன்றாம் இடத்தினர் 9 முதல் 12 வரையும், நேரத்தால் வந்தவர்கள் 13 முதல் 16 வரையும் வரிசைப்படுத்தப்படுகிறார்கள். உங்கள் மாணவி 27.80 ஓடிய பெண்ணைவிட வேகமானவள் என்றாலும், q பெற்றவர்களில் முதலாவதாக 13ஆம் தரத்தில்தான் நிற்பாள். பிறகு இந்தப் பதினாறு பேரையும் பாம்பு வளைந்து செல்வது போல இரண்டு அரையிறுதிகளாகப் பிரிக்கிறார்கள்: ஒன்றாம் தரம் ஓர் அரையிறுதிக்கு, இரண்டும் மூன்றும் மற்றதற்கு, நான்கும் ஐந்தும் மீண்டும் முதலாவதற்கு. இப்படிப் போனால் 1, 4, 5, 8, 9, 12, 13, 16 ஆகிய தரத்தினர் ஒன்றாக ஓடுவார்கள். இந்த எட்டுப் பேரில் உங்கள் மாணவியின் நிலை ஏழாவது.

முதல் சுற்றில் எந்த லேன் யாருக்கு என்பது முழுக்க முழுக்கக் குலுக்கல். அரையிறுதி முதல், குலுக்கல் தனித்தனிக் குழுக்களுக்குள் நடக்கிறது. உலகத் தடகள அமைப்பின் இப்போதைய விதிப்படி, 200 மீட்டரில் தரவரிசையின் முதல் மூவருக்கு 5, 6, 7 ஆகிய லேன்களும், அடுத்த மூவருக்கு 3, 4, 8 ஆகியவையும், கடைசி இருவருக்கு 1, 2 ஆகியவையும் குலுக்கப்படும். ஏழாம் நிலையில் இருந்ததால் உங்கள் மாணவிக்குக் கிடைக்கக்கூடியவை முதல் லேனும் இரண்டாம் லேனும் மட்டுமே. சீட்டு முதல் லேனாக விழுந்தது. பழைய விதியில் முதல் நால்வருக்கு 3 முதல் 6 வரை, அடுத்த இருவருக்கு 7, 8, கடைசி இருவருக்கு 1, 2 என்று இருந்தது. எந்த விதி பின்பற்றப்படுகிறது என்பதைப் போட்டி தொடங்கும் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அவள் பின்னால் நின்றதால் கூடுதல் தூரம் ஓடினாள் என்று எண்ண வேண்டாம். வளைவில் வெளி லேன் நீளமானது. அந்த அதிகத் தூரத்தை ஈடுகட்டவே ஒவ்வொரு லேனின் தொடக்கக் கோடும் படிப்படியாக முன்தள்ளிப் போடப்படுகிறது. 1.22 மீட்டர் அகலமுள்ள லேன்களில் 200 மீட்டருக்கு எட்டாம் லேனின் கோடு முதல் லேனுக்கு ஏறத்தாழ 26.5 மீட்டர் முன்னால் இருக்கும். எட்டுப் பேரும் ஓடுவது மிகச் சரியாக 200 மீட்டர்தான்.

முதல் லேனின் உண்மையான பாதகம் வளைவின் இறுக்கம். உள் விளிம்பின் ஆரம் 36.5 மீட்டராக உள்ள வழக்கமான தடத்தில், அதே வேகத்தில் எட்டாம் லேனில் ஓடுபவரைவிட முதல் லேனில் ஓடுபவரின் உடலை வெளியே தள்ளும் விசை ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்று அதிகம். வளைவில் இடப்பக்கம் சாய்ந்து ஓடும் உயரமான ஓட்டப் பெண்களைக் கவனித்தால், உள்கால் தரையில் சற்று நேரம் கூடுதலாகத் தங்குவதைப் பார்க்கலாம். அதற்கு ஈடாக, மற்ற ஏழு பேரும் அவள் கண்ணெதிரில் ஓடுகிறார்கள். எட்டாம் லேனில் ஓடுபவர் யாரையும் பார்க்க முடியாமல் தன் வேகத்தை மட்டும் நம்பி ஓட வேண்டும். அதையும் மீறி ஓடியவர்கள் உண்டு. 2016 ரியோ ஒலிம்பிக் 400 மீட்டர் இறுதியில் வேய்ட் வான் நீகெர்க் எட்டாம் லேனிலிருந்தே 43.03 வினாடியில் உலக சாதனை படைத்தார்.

உங்கள் கேள்வியில் உண்மையாகவே அநியாயம் நேரக்கூடிய இடம் ஒன்று உண்டு: q எழுத்துக்கான நேரம் எதில் எடுக்கப்பட்டது என்பது. மின்னணு நேரக்கருவியும் முடிவுக்கோட்டுக் கேமராவும் இருந்தால் நூறில் ஒரு வினாடி வரை நம்பலாம். கடைசித் தகுதி இடத்தில் இருவர் சமமானால் ஆயிரத்தில் ஒரு வினாடி வரை படத்தைப் படித்துப் பிரிப்பார்கள். கையில் பிடித்த ஸ்டாப்வாட்ச் அப்படியல்ல. நான் முடிவுக்கோட்டில் நேரம் எடுத்த ஒரு போட்டியில், ஒரே பெண்ணின் ஓட்டத்துக்கு என் வாட்ச் 27.3 என்றும் பக்கத்தில் நின்றவரின் வாட்ச் 27.6 என்றும் காட்டின. இரண்டு வாட்ச் மட்டும் இருந்தால் மெதுவான நேரமே அதிகாரபூர்வம் என்பதால் 27.6 பதிவானது. மேலே போட்ட கணக்கில் 27.40க்கும் 27.62க்கும் இடையிலுள்ள வேறுபாடே அவ்வளவு இல்லை. ஸ்டாப்வாட்ச் மட்டுமே உள்ள போட்டிகளில் நேரத் தகுதியை விட்டுவிட்டு, ஒவ்வொரு ஹீட்டிலும் முதல் நால்வரை நேராக அரையிறுதிக்கு எடுப்பதே சரி என்பது என் உறுதியான கருத்து. நான்கு ஹீட், நால்வர் வீதம் பதினாறு, கணக்கும் இடிக்காது.