நார்வே வேலைக்கு "சரி" சொல்லும் கடிதம்

"அண்ணா, நான் கோயம்புத்தூரில் மெக்கானிக்கல் இன்ஜினியர். ஸ்டவாங்கரில் ஒரு நிறுவனம் வேலை கொடுத்திருக்கிறது. ஏற்றுக்கொள்வதாக நார்வேஜிய மொழியில் பதில் எழுதச் சொல்கிறார்கள். தமிழில் மரியாதையாக எழுதி வைத்திருக்கிறேன். இதை அப்படியே மொழிபெயர்த்து அனுப்பலாமா? 90 நாள் நோட்டீஸ் வேறு இருக்கிறது."

தம்பி, முதலில் வாழ்த்துகள். நீங்கள் எழுதி அனுப்பிய தமிழ்க் கடிதத்தைப் படித்தேன். ஊரில் ஒரு மேலதிகாரிக்கு அனுப்பினால் அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் அதை வரிக்கு வரி நார்வேஜியத்தில் போட்டால், நீங்கள் வேலையை ஏற்றுக்கொண்டீர்களா இல்லையா என்பதே நான் இருக்கும் இந்த நார்வேயில் சந்தேகமாகிவிடும். மரியாதை கூடிப்போய் அவர்கள் சங்கடப்படுவார்கள் என்பது சின்ன விஷயம். எனக்குக் கவலை தருவது உங்கள் கடிதத்தின் மூன்றாவது, நான்காவது வரிகள்தான்.

மூன்றாவது வரியில் இப்படி எழுதியிருக்கிறீர்கள்: "பணிவுடன் ஏற்றுக்கொள்கிறேன்; சம்பளத்தைச் சற்றே உயர்த்திக் கொடுத்தால் பேருதவியாக இருக்கும்." நம் காதுக்கு முதல் பாதி சம்மதம், இரண்டாவது பாதி வேண்டுகோள். கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டாலும் சேர்ந்துவிடுவேன் என்று அர்த்தம். நார்வேயில் ஒப்பந்தங்களுக்கு 1918ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இன்னும் நடைமுறையில் இருக்கிறது. அதன் 6ஆம் பிரிவு சொல்வது இதுதான்: "ஏற்கிறேன்" என்று பதில் வந்தாலும், அதில் ஏதாவது கூட்டியோ குறைத்தோ நிபந்தனை வைத்தோ எழுதியிருந்தால், அது ஏற்பு ஆகாது. முதலில் வந்த வாய்ப்பை மறுத்துவிட்டு, பதிலுக்கு நீங்கள் ஒரு புதிய வாய்ப்பை முன்வைத்ததாகக் கணக்கு. அப்புறம் அதை ஒப்புக்கொள்வதா வேண்டாமா என்பது அவர்கள் விருப்பம். அடுத்த இடத்தில் இருப்பவரை அவர்கள் கூப்பிட்டுவிட்டால், நீங்கள் போய்ச் சண்டை போட இடமில்லை.

நீங்கள் எழுதியது வெறும் வேண்டுகோள்தான், நிபந்தனை இல்லை என்று வாதாடலாம். ஆனால் அந்த வாதமே எழாதபடி எழுதுவதுதான் நல்லது. மொழிபெயர்க்கும்போது "கொடுத்தால்" என்பது "if" ஆகி நிற்கும். படிப்பவர் கண்ணுக்கு அது நிபந்தனையாகத்தான் தெரியும். எங்கள் அலுவலகத்தில் ஆள் எடுக்கும்போது நானும் சிலமுறை உட்கார்ந்திருக்கிறேன். இப்படி ஒரு பதில் வந்தால் பக்கத்தில் இருப்பவர் திரும்பி, "இவர் ஆமாம் என்கிறாரா, பேரம் பேசுகிறாரா?" என்றுதான் கேட்பார்.

அதனால் சம்பளம் பற்றிப் பேச வேண்டும் என்றால், ஏற்புக் கடிதத்துக்கு முன்பே தொலைபேசியில் பேசிவிடுங்கள். அதில் தப்பே இல்லை, இங்கே எல்லோரும் பேசுவார்கள். வீடு மாறும் செலவு, முதல் மாதம் தங்க இடம், எல்லாவற்றையும் அப்போதே கேளுங்கள். ஒப்புக்கொண்டால், திருத்திய கடிதத்தை அனுப்பச் சொல்லுங்கள். அதற்கு மட்டும் "சரி" சொல்லுங்கள். ஒரு எச்சரிக்கை: இங்கே வாய்ப்பேச்சில் சொன்ன "சரி"யும் ஒப்பந்தம்தான். போனில் மகிழ்ச்சியில் "கட்டாயம் வருகிறேன்" என்று சொல்லிவிட்டு, மறுநாள் பேரம் தொடங்காதீர்கள்.

இனி நான்காவது வரி. "மூன்று மாத நோட்டீஸ் முடிந்ததும் சேர்ந்துவிட முயல்கிறேன்." இதில் இரண்டு சிக்கல். "முயல்கிறேன்" என்பது நமக்குப் பணிவு. கட்டாயம் வருவேன் என்பதைத்தான் அடக்கமாகச் சொல்கிறோம். நார்வேஜியர்கள் அதை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொள்வார்கள்: வரலாம், வராமலும் போகலாம். அடுத்தது, மூன்று மாதம். ஊரில் ராஜினாமா கொடுத்த நாளிலிருந்து 90 நாள் எண்ணுவோம். ஜூன் 10ஆம் தேதி கொடுத்தால் செப்டம்பர் 8ஆம் தேதி முடியும். இங்கே நோட்டீஸ் காலம் பொதுவாக அடுத்த மாதம் 1ஆம் தேதியிலிருந்துதான் ஓடத் தொடங்கும். அதே ஜூன் 10ஆம் தேதி கொடுத்தால் ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் என்று எண்ணி, செப்டம்பர் 30 வரை என்பார்கள். "மூன்று மாதம்" என்று எழுதினால் நீங்கள் ஒரு நாளை நினைப்பீர்கள், அவர்கள் வேறு நாளை நினைப்பார்கள். மாதக் கணக்கு வேண்டாம், தேதியை எழுதுங்கள்.

உங்களுக்கு வந்த கடிதத்தில் அக்டோபர் 1 என்று இருப்பதாகச் சொன்னீர்கள். செப்டம்பர் 8ஆம் தேதி அங்கே விடுபட்டால், இடையில் மூன்று வாரம் கிடைக்கிறது, அது போதும். ஆனால் அந்தத் தேதி உங்கள் கையில் மட்டும் இல்லை. குடிவரவுத் துறை, அதாவது ஊடிஐ, திறன் பணியாளர் அனுமதி கொடுத்தால்தான் நீங்கள் வேலையைத் தொடங்க முடியும். அதற்கு விண்ணப்பிக்க, உறுதியான வேலை வாய்ப்பு கையில் இருக்க வேண்டும். எனவே, "அனுமதி கிடைத்தால்" என்ற நிபந்தனை எங்காவது இருந்தே தீர வேண்டும். அது உங்கள் பதிலில் இருக்கக்கூடாது, அவர்கள் அனுப்பும் கடிதத்தில் இருக்க வேண்டும். நிறுவனத்தின் கடிதத்தில் அந்த வாசகம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால், "கடிதத்தில் உள்ள விதிமுறைகளின்படி ஏற்கிறேன்" என்று நீங்கள் எழுதும்போதே அதுவும் அடங்கிவிடும். இல்லாவிட்டால், "அனுமதி தாமதமானால் சேரும் தேதி தள்ளிப்போகும் என்று சேர்த்துத் திருத்தி அனுப்ப முடியுமா?" என்று தனியாகக் கேளுங்கள். திருத்திய கடிதம் வந்த பிறகு ஏற்பை அனுப்புங்கள். இதைச் செய்யாமல் ஊரில் வேலையை விடாதீர்கள்.

இப்போது மரியாதைக்கு வருகிறேன். "மதிப்பிற்குரிய ஐயா", "தங்கள் மேலான நிறுவனம்", "என்றும் நன்றி மறவாத" என்று மொத்தம் ஆறு இடத்தில் வணங்கியிருக்கிறீர்கள். நார்வேஜியத்திலும் "தாங்கள்" போல ஒரு சொல் இருந்தது, இப்போது யாரும் பேச்சிலோ வேலைக் கடிதத்திலோ பயன்படுத்துவதில்லை. முதலாளியையும் பெயர் சொல்லித்தான் அழைப்போம். "தயவுசெய்து" என்று எழுதினால், மொழிபெயர்ப்பில் குழந்தை அம்மாவிடம் கெஞ்சுவது போல வந்துவிடும் வாய்ப்பு அதிகம். "அனுப்ப முடியுமா?" என்று கேள்வியாகக் கேட்பதே இங்கே மரியாதை. நன்றியை ஒரு முறை சொல்லுங்கள், அதை முதல் வரியிலேயே சொல்லுங்கள். இதைச் சொல்லும்போது, உங்கள் பண்பைக் கழற்றி வைக்கச் சொல்கிறேன் என்று எண்ணாதீர்கள். படிப்பவருக்குத் தெளிவாகப் புரியும்படி எழுதுவதை இங்கே பெரிய மதிப்பாகக் கருதுகிறார்கள்; அந்த மதிப்பை நீங்கள் அவர்களுக்குக் கொடுக்கிறீர்கள்.

உங்கள் கடிதத்தை இப்படிச் சுருக்கியிருக்கிறேன். கோணக் குறிக்குள் உள்ள இடங்களில் பெயர்களைப் போடுங்கள். ஜூன் 2 என்பதை, அவர்கள் கடிதத்தில் உள்ள தேதியாக மாற்றிக்கொள்ளுங்கள்:

```
Emne: Svar på jobbtilbud

Hei <fornavn>,

Takk for tilbudet datert 2. juni. Jeg takker ja til
stillingen som mekanisk ingeniør, på de vilkårene
som står i tilbudet. Jeg begynner 1. oktober.

Kan dere sende meg arbeidsavtalen og det jeg trenger
til søknaden om oppholdstillatelse?

Jeg har fått hjelp til å oversette denne e-posten,
så ring meg gjerne på engelsk.

Jeg gleder meg til å begynne hos dere.

Vennlig hilsen
<navn>
```

தமிழில் இதன் பொருள்: ஜூன் 2ஆம் தேதியிட்ட வாய்ப்புக்கு நன்றி. மெக்கானிக்கல் இன்ஜினியர் வேலையை, அந்தக் கடிதத்தில் உள்ள விதிமுறைகளின்படி ஏற்றுக்கொள்கிறேன். அக்டோபர் 1ஆம் தேதி தொடங்குகிறேன். வேலை ஒப்பந்தத்தையும், குடியிருப்பு அனுமதி விண்ணப்பத்துக்குத் தேவையானவற்றையும் அனுப்ப முடியுமா? இந்த மின்னஞ்சலை மொழிபெயர்க்க எனக்கு உதவி கிடைத்தது, ஆகவே ஆங்கிலத்தில் தாராளமாக அழையுங்கள். உங்களோடு வேலை தொடங்குவதை ஆவலோடு எதிர்பார்க்கிறேன்.

மொழிபெயர்க்க உதவி கிடைத்தது என்ற வரியை வெட்கப்பட்டு எடுத்துவிடாதீர்கள். பிழையில்லாத நார்வேஜியத்தில் கடிதம் வந்தால், உங்களுக்கு மொழி தெரியும் என்று நம்பி, மறுநாள் காலையில் ஸ்டவாங்கர் வட்டார வழக்கில் மடமடவென்று போனில் பேசத் தொடங்கிவிடுவார்கள். பாடப்புத்தக நார்வேஜியம் படித்தவர்களே அந்த வழக்கில் திணறுவார்கள். தெரிந்ததை விட அதிகம் தெரிந்ததாகக் காட்டிக்கொண்டதாக ஒரு எண்ணம் வருவது, வேலையில் சேரும் முன்பே வேண்டாம்.

நீங்கள் வேறு யாரிடமாவது கொடுத்து மாற்றி எழுதினால், அனுப்பும் முன் கடிதத்தில் இந்தச் சொற்கள் இருக்கின்றனவா என்று தேடிப் பாருங்கள். முதல் பத்தியில் இவற்றில் ஒன்று இருந்தாலும் உங்கள் "சரி"யில் நிபந்தனை ஒட்டிக்கொண்டிருக்கலாம், நிறுத்திக் கேளுங்கள்:

```
hvis, dersom, forutsatt at, forbehold, men, prøve
```

முதல் நான்கும் "இப்படி இருந்தால் மட்டும்", "நிபந்தனையோடு" என்ற வகை. ஐந்தாவது, "ஆனால்". கடைசிச் சொல்தான் நீங்கள் எழுதிய அந்த "முயல்கிறேன்".

பதில் அனுப்ப அவர்கள் ஒரு கடைசித் தேதி கொடுத்திருப்பார்கள். அன்றைக்குள் நீங்கள் அனுப்பினால் போதாது, கடிதம் அவர்களிடம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். கோடையில் இந்தியாவை விட மூன்றரை மணி நேரம் பின்னால் இருக்கிறோம் என்பதால் நேரம் உங்களுக்குச் சாதகம்தான். ஆனாலும் ஒரு நாள் முன்பே அனுப்பிவிடுங்கள். ஜூலையில் பாதி நாடே விடுமுறையில் போய்விடும். அதற்கு முன் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கவில்லை என்றால், ஊடிஐ விண்ணப்பமும் ஆகஸ்டுக்குத் தள்ளிப்போகும்.

அவர்களிடமிருந்து "வருக, மகிழ்ச்சி" என்று ஒரே வரியில் பதில் வரலாம். அது அலட்சியம் இல்லை, இங்கே அவ்வளவுதான் எழுதுவார்கள். அப்புறம் ஒப்பந்தம் வரும்போது பதவியின் பெயர், சம்பளம், சேரும் தேதி ஆகிய மூன்றையும் நீங்கள் ஏற்ற கடிதத்தோடு பொருத்திப் பாருங்கள். முதல் ஆறு மாதம் தகுதிகாண் காலம் என்று போட்டிருப்பார்கள். சட்டம் அனுமதிக்கும் உச்ச அளவு அதுதான். அந்தக் காலத்தில் இரு தரப்புக்கும் பொதுவாக 14 நாள் நோட்டீஸ்தான் என்பதால், ஸ்டவாங்கரில் வீட்டு வாடகை ஒப்பந்தம் போடும்போது அதை மனதில் வைத்து, எத்தனை மாதம் முன்பு சொல்லிவிட்டு வெளியேறலாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒப்பந்தம் வந்ததும் எனக்கு எழுதுங்கள், சேர்ந்து படிக்கலாம்.