வெள்ளி மாலையே கேட்டிருக்க வேண்டிய இரண்டு நாள்

கேள்வி: நான் ராணிப்பேட்டையில், ஏற்றுமதிக்கு ஷூ தயாரிக்கும் ஒரு நிறுவனத்தின் கணினிப் பிரிவில் வேலை பார்க்கிறேன். சென்னையில் நான் வேலைக்கு விண்ணப்பித்த ஒரு மென்பொருள் நிறுவனம், நேர்காணலின் முதல் சுற்று முடிந்ததும் வீட்டிலேயே செய்து அனுப்பும்படி டேக்-ஹோம் அசைன்மென்ட் கொடுத்து, திங்கள் காலை 10 மணிக்குள் அனுப்பச் சொன்னது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் சர்வர் படுத்துவிட்டது. இன்வாய்ஸ் போட முடியாமல் கன்டெய்னர் கேட்டிலேயே நின்றது. ஞாயிறு வரை வீட்டுக்கே சரியாக வரவில்லை. அவகாசம் கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று பயந்து, செய்தவரை அப்படியே அனுப்பினேன். பதிலே வரவில்லை. அடுத்த வாரம் இன்னொரு நிறுவனத்திலிருந்து அசைன்மென்ட் வரப்போகிறது. மறுபடி இப்படி ஆனால் எப்படிக் கேட்பது?
– பெயர் வேண்டாம், ராணிப்பேட்டை

பதில்: அவகாசம் கேட்பதைத் தவறாக நினைப்பவர்கள் குறைவு, தங்கையே. ஆனால் பாதி வேலையை ஒரு வரி விளக்கமும் இல்லாமல் கையில் வாங்குகிறவர், உங்களால் முடிந்தது அவ்வளவுதான் என்று எண்ணுவதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை. வேலூரிலிருந்து சென்னைக்குப் போய்ப் பல ஆண்டுகள் இப்படிப்பட்ட அசைன்மென்டுகளைத் திருத்தியவன் என்பதால், மேசைக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

திங்கள் காலை 10 மணி என்று அவர்கள் எழுதியதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான் இருக்கும்: அன்று பிற்பகலோ மறுநாளோ ஒரு சீனியர் இன்ஜினியர் அதைப் படித்துப் பார்க்க ஒரு மணி நேரம் ஒதுக்கியிருப்பார். ஹெச்.ஆரில் உங்களுடன் பேசும் பெண்மணி செய்ய வேண்டியது அந்த ஒரு மணி நேரத்தை வேறு நாளுக்கு நகர்த்துவது மட்டுமே. வெள்ளி மாலை ஆறு மணிக்குள் சொன்னால் அவர் அலுவலகத்தை விட்டுக் கிளம்புவதற்குள் நகர்த்திவிடுவார். ஞாயிறு இரவு பதினொன்றரைக்கு எழுதினால் அதை யாரும் பார்க்க மாட்டார்கள். திங்கள் காலை கெடு கடந்த பிறகுதான் படிப்பார்கள். அப்போது அது கெடு முடிந்தபின் வந்த சமாதானமாகத் தெரியும். ஆகவே சர்வர் இன்று எழுந்திருக்காது என்று உங்களுக்கு உறுதியான அந்த நேரமே கேட்க வேண்டிய நேரம். கோளாறு முழுவதும் புரிந்த பிறகு எழுதலாம் என்று காத்திருக்கத் தேவையில்லை.

எத்தனை நாள் கேட்பது என்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். உங்கள் விஷயத்தையே கணக்குப் போடுவோம். அசைன்மென்ட் மொத்தம் எட்டு மணி நேர வேலை, வியாழன் இரவு மூன்று மணி நேரம் செய்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொண்டால் மீதி ஐந்து. பழுதான டிஸ்க்கை மாற்றி, பேக்கப்பை ஏற்றி, விடுபட்ட இன்வாய்ஸ்களைச் சரிபார்த்து ஞாயிறு மாலை வீட்டுக்கு வருகிறவர் அன்றிரவு செய்யும் கோடிங்கை நம்பக் கூடாது. அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். திங்கள், செவ்வாய் இரண்டு மாலையும் ஏழரை முதல் பத்து வரை உட்கார்ந்தால் ஐந்து மணி நேரம் கிடைத்துவிடும். எனவே புதன் காலை 10 மணி. கூச்சப்பட்டு 'ஒரு நாள் போதும்' என்று கேட்டவர்கள் செவ்வாய்க்கிழமை மறுபடி வந்து நின்றதை நான் பார்த்திருக்கிறேன். முதல் முறை கேட்டதை நாங்கள் மறந்தேபோனோம், இரண்டாம் முறை கேட்டது மட்டும் குறிப்பில் ஏறியது. மறுபுறம் ஒரு வாரம் கேட்டாலோ, மூன்று நாளில் முடித்துக் கொடுத்த மற்றவர்களோடு உங்களை எப்படி ஒப்பிடுவது என்ற சிக்கல் அவர்களுக்கு வந்துவிடும்.

அவர்கள் அசைன்மென்ட் அனுப்பிய அதே மின்னஞ்சலுக்குப் பதிலாக, ஆங்கிலத்தில்தான் எழுதுவீர்கள் என்றாலும் சாரம் இப்படி இருக்கட்டும்:

"வணக்கம். திங்கள் காலை 10 மணிக்கு அனுப்ப வேண்டிய அசைன்மென்ட் குறித்து எழுதுகிறேன். நான் பணிபுரியும் இடத்தில் இன்று மாலை எதிர்பாராத சர்வர் கோளாறு ஏற்பட்டதால் ஞாயிறு மாலை வரை அங்கேயே இருக்க வேண்டியுள்ளது. டேட்டாபேஸ் பகுதியை முடித்துவிட்டேன். திரைகளும் சோதனைகளும் மீதம் உள்ளன. புதன் காலை 10 மணிக்கு முழுமையாக அனுப்ப அனுமதிக்க இயலுமா? இயலாதெனில், முடித்தவரை திங்கள் காலை 10 மணிக்கே அனுப்பிவிடுகிறேன்."

இதில் கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். முடியாது என்று சொல்ல வேண்டியிருந்தாலும் எதிர்த்தரப்புக்குச் சங்கடமில்லாமல் ஒரு வழியைத் திறந்துவைப்பது அதுதான். மன்னிப்பு ஒரு முறைகூட இல்லை என்பதையும் கவனித்திருப்பீர்கள். மூன்று முறை மன்னிப்புக் கேட்கும் கடிதத்தில் எந்தத் தேதியைக் கேட்கிறார்கள் என்று தேட வேண்டியிருக்கும். எந்த வாடிக்கையாளரின் சரக்கு, எந்த மென்பொருள் பழுதானது என்றெல்லாம் விவரிக்கவும் வேண்டாம். இன்று அங்குள்ளதை இங்கே சொல்கிறவர் நாளை இங்குள்ளதை வெளியே சொல்வார் என்று படிப்பவர் நினைக்கக்கூடும். அலுவலக மின்னஞ்சலிலிருந்தோ அலுவலகக் கணினியிலிருந்தோ இதை அனுப்பவே கூடாது என்பதைக் கணினிப் பிரிவில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

பாட்டிக்கு உடம்பு சரியில்லை என்று எழுதுகிறவர்களும் உண்டு. அடுத்த சுற்றில் யாராவது இயல்பாக 'இப்போது பாட்டி எப்படி இருக்கிறார்?' என்று கேட்டால் முகம் காட்டிக்கொடுத்துவிடும். உள்ள காரணமே இங்கே உங்களுக்குச் சாதகம்: சர்வர் விழுந்தபோது தூக்கி நிறுத்த உங்களைத்தானே கூப்பிட்டிருக்கிறார்கள்.

சனிக்கிழமை காலை பதினொன்று வரை பதில் வராவிட்டால், அவர்கள் கொடுத்த எண்ணுக்கு ஒரு முறை போன் செய்யுங்கள். எடுக்காவிட்டால் இரண்டு வரியில் குறுஞ்செய்தி போதும். அதற்கும் மறுமொழி இல்லையென்றால், அனுமதி கிடைத்துவிட்டதாக நீங்களே எடுத்துக்கொள்ளக் கூடாது. திங்கள் காலை ஒன்பதரைக்குச் செய்தவரை அனுப்பி, `README.md` கோப்பில் எது ஓடுகிறது, எது மீதம், அதை எப்படிச் செய்ய நினைத்தீர்கள், இதுவரை எத்தனை மணி நேரம் செலவிட்டீர்கள் என்று எழுதிவிடுங்கள். ஓடாத பத்துத் திரைகளைவிட, ஓடுகிற நான்கு திரையும் இந்தக் குறிப்பும் மதிப்பு பெறும். நீங்கள் போன முறை விட்டது இந்தக் குறிப்பைத்தான்.

அவகாசம் கிடைத்தால் ஒரு வரியில் நன்றி சொல்லிவிட்டு, முன்பு திட்டமிட்ட அதே ஐந்து மணி நேர வேலையை மட்டும் செய்யுங்கள். இரண்டு நாள் கூடக் கிடைத்ததே என்று கேட்காத அலங்காரங்களைச் சேர்த்தால், படிப்பவர் `git log` காட்டும் நேரங்களைப் பார்த்து நெருக்கடி அவ்வளவு பெரிதில்லை போலும் என்று நினைத்துக்கொள்வார்.

எல்லா அசைன்மென்டிலும் இப்படிக் கேட்க முடியாது. சில நிறுவனங்கள் ஒரு இணைய இணைப்பைத் தந்து, திறந்த நேரத்திலிருந்து நான்கு மணி நேரம் என்று கடிகாரம் ஓட விடும். திறந்துவிட்டால் இடையில் நிறுத்த வழி இருக்காது. கெடு முடிந்தால் இணைப்பும் தானாக மூடிக்கொள்ளும். அப்படிப்பட்டதை, அலுவலகத்திலிருந்து அழைப்பு வரக்கூடிய நாளில் திறந்தே பார்க்காதீர்கள். திறப்பதற்கு முன்பு வேறு தேதி கேட்டால் ஹெச்.ஆரால் மாற்றித்தர முடியும்.

அடுத்த வாரம் வரப்போவது எந்த வகை என்று மின்னஞ்சல் வந்தவுடன் பாருங்கள். உங்கள் தொழிற்சாலையில் மாதக் கடைசியில் கன்டெய்னர் கிளம்பும் நாட்கள் உங்களுக்கு முன்கூட்டியே தெரியும். அந்த நாட்களில் கெடு விழுந்தால், அசைன்மென்ட் கிடைத்தது என்று பதில் போடும் அதே மின்னஞ்சலிலேயே இரண்டு நாள் தள்ளி ஒரு தேதியைக் கேட்டுவிடுங்கள். வேலையைத் தொடங்கும் முன் கேட்கும் தேதிக்கு யாரும் காரணம்கூடக் கேட்பதில்லை.