பெயர் பொருந்தாத பி.எஃப். கணக்கும் மைத்துனரிடம் இருக்கும் சிம்மும்

கேள்வி: சென்னையில் 2016 முதல் 2019 வரை ஒரு நிறுவனத்தில் இருந்தேன். அடுத்துச் சேர்ந்த நிறுவனம் என்னை மொரீஷியசின் எபென் அலுவலகத்துக்கு அனுப்பியுள்ளது, சம்பளமும் பி.எஃப். பிடித்தமும் இந்தியாவில்தான். பழைய கணக்கில் 2,60,000 ரூபாய் இருக்கிறது. அதில் என் பெயரும் பிறந்த தேதியும் ஆதாரோடு பொருந்தவில்லை. அதை எடுத்து, காப்பீடும் முதலீடும் கலந்த யூலிப் திட்டத்தில் போடச் சொல்கிறார் மைத்துனர். ஆதாருடன் இணைந்த சிம்மும் கடவுச்சொல்லும் அவரிடம்தான் உள்ளன. என்ன செய்யலாம்?
– வாசகர், ரோஸ்ஹில்

பதில்: முதலில் கடவுச்சொல்லை மாற்றிவிட்டு, அந்த சிம்மை ரோமிங் வசதியுடன் உங்களிடம் வரவழைத்துக்கொள்ளுங்கள். பி.எஃப். தளத்தில் ஒரு விண்ணப்பம் உங்களுடையதுதான் என்பதற்கு ஆதார் எண்ணுக்கு வரும் ஓ.டி.பி.யே சான்று என்பதால், சிம் யாரிடம் இருக்கிறதோ அவர் உங்கள் பெயரில் எதையும் அனுப்ப முடியும்.

மைத்துனர் சொல்வது உங்களுக்குப் பொருந்தவே பொருந்தாது. கணக்கை முழுவதுமாக முடித்துப் பணம் பெறுவது வேலையில் இல்லாதவருக்கு உரியது. உங்களுக்கோ மாதந்தோறும் பிடித்தம் நடக்கிறது. மேலும், பழைய நிறுவனத்தில் உங்கள் பணிக்காலம் மூன்று ஆண்டுகளே. ஐந்து ஆண்டு நிறையாமல் எடுத்தால் நிறுவனத்தின் பங்குக்கும் வட்டிக்கும் வருமான வரி உண்டு. புதிய கணக்குக்கு மாற்றிவிட்டால் இரண்டு பணிக்காலங்களும் ஒன்றாகச் சேர்ந்துவிடும். 2024-25ஆம் ஆண்டின் 8.25 சதவீத வட்டி அப்படியே நீடிப்பதாக வைத்துக்கொண்டால், இந்த 2,60,000 ரூபாய் இருபது ஆண்டுகளில் ஏறத்தாழ 12.7 லட்சமாகும். யூலிப்பில் முதல் ஆண்டுகளிலேயே கட்டணங்கள் கழிக்கப்படுகின்றன. ஐந்து ஆண்டு வரை பணத்தைத் தொடவும் முடியாது. ஓய்வுக்கால சேமிப்பை உடைத்து அங்கே கொண்டுபோக வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை.

இனி பொருந்தாத விவரங்களைப் பார்ப்போம். நம்மவர்களுக்கு இது பெரும்பாலும் தலைப்பெழுத்தால் வருவது: பி.எஃப். பதிவில் 'ச. கார்த்திகேயன்' என்றும், ஆதாரிலும் பாஸ்போர்ட்டிலும் 'கார்த்திகேயன் சண்முகம்' என்றும் இருக்கும். பிறந்த தேதியில் 05-07 என்பது 07-05 ஆகியிருக்கும். திருத்த வேண்டியது பி.எஃப். பதிவைத்தான்; அதற்காக ஆதாரைத் தொடாதீர்கள், உங்கள் பாஸ்போர்ட்டும் இங்குள்ள பணி அனுமதியும் அந்தப் பெயரில்தானே இருக்கும். உங்கள் பி.எஃப். உறுப்பினர் எண்ணான யு.ஏ.என். 01-10-2017க்கு முன் பெறப்பட்டது என்பதால், தளத்தில் Manage பகுதியிலுள்ள Joint Declaration வழியாக நீங்கள் அனுப்பும் விண்ணப்பத்தைத் தற்போதைய நிறுவனம் ஏற்க வேண்டும். பிறந்த தேதிக்கு ஆதாரை மட்டும் சான்றாக 2024 ஜனவரி முதல் ஏற்பதில்லை. பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழைச் சேர்த்து அனுப்புங்கள். சென்னையில் உள்ள மனிதவளப் பிரிவுக்குத் தனியாக ஒரு மின்னஞ்சலும் எழுதிவிடுங்கள், இல்லையென்றால் விண்ணப்பம் அங்கேயே கிடக்கும்.

திருத்தம் ஏறிய பிறகு Service History-யில் பழைய நிறுவனத்தை விட்டு விலகிய தேதி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் Mark Exit மூலம் நீங்களே பதிவு செய்யலாம். அதன்பின் Online Services பகுதியில் One Member – One EPF Account என்பதைத் தேர்ந்து மாற்றக் கோரலாம்.

பணம் மாறியதும் புதிய பாஸ்புக்கில் உங்கள் பங்கும் நிறுவனத்தின் பங்கும் சேர்ந்திருக்க வேண்டும். ஓய்வூதியப் பத்தியில் தொகை கூடாததைப் பார்த்துப் பதற வேண்டாம். அங்கே மாறுவது பணிக்காலம் மட்டும்தான்.