சி.ஏ. இருக்கட்டும், முதலில் அந்த விடைத்தாளைப் பாருங்கள்

கேம்பிரிட்ஜ் ஏ லெவல் பிசினஸில் மகளுக்கு மதிப்பெண் குறைந்துவிட்டது, 'இதை விட்டுட்டு சி.ஏ. ஃபவுண்டேஷன்ல சேர்த்துடு' என்கிறார் உங்கள் அண்ணன். பதற்றம் புரிகிறது. ஆனால் அவர் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். அவளுக்குக் கணக்கெழுதுவதில் நாட்டமில்லை. ஒரு கடை ஏன் ஓடுகிறது, ஏன் ஓடவில்லை என்று கேட்பதில்தான் நாட்டம். தனி டியூஷனுக்கும் பணம் கட்டாதீர்கள். பாடம் அவளுக்குத் தெரிகிறது, கேஸைத்தான், அதாவது வினாத்தாளில் தரும் நிறுவனத்தின் விவரத்தைத்தான், விடைக்குள் கொண்டுவரவில்லை.

நான்காம் தாளில் ஒரே நிறுவனத்தின் கேஸ். இரண்டே கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 20 மதிப்பெண், நேரம் 75 நிமிடம். அதில் பலம், பலவீனம், வாய்ப்பு, அச்சுறுத்தல் என்று நான்காகப் பிரித்துப் பார்க்கும் ஸ்வாட் அலசலை அவள் எழுதியிருக்கும் விதம் இது: "பலம், நல்ல பெயர். பலவீனம், கடன்." எந்த நிறுவனத்துக்கும் ஒட்டும் வாக்கியத்துக்கு அப்ளிகேஷன் மதிப்பெண், அதாவது பாடத்தைக் கேஸோடு பொருத்துவதற்கான மதிப்பெண், விழாது. நிறுவனத்தின் பெயரைத் திரும்பத் திரும்ப எழுதினாலும் விழாது.

கேஸ் ஒரு பேக்கரி என்று வைத்துக்கொள்வோம். கியரிங், அதாவது மொத்த மூலதனத்தில் நீண்டகாலக் கடனின் பங்கு, 62 சதவீதம், வட்டி ஏறுகிறது, மாஸ்டர் அடிக்கடி மாறுகிறார், உரிமையாளர் மூன்று கிளைகள் திறக்க நினைக்கிறார். முதலில் உள்ளே, வெளியே என்று பிரிக்கட்டும். பலமும் பலவீனமும் நிறுவனத்துக்கு உள்ளே இருப்பவை. வாய்ப்பும் அச்சுறுத்தலும் வெளியிலிருந்து வருபவை. கிளை திறப்பதை வாய்ப்பு என்று எழுதிவிடுவாள், கவனியுங்கள். அது உரிமையாளரின் முடிவு. ஊர் வளர்ந்து வாங்குவோர் கூடியதுதான் வாய்ப்பு.

அப்புறம் வாக்கியத்தை இப்படித் தொடங்கட்டும். ஆங்கிலத்தில்தான் எழுதப்போகிறாள், நான் பொருளை மட்டும் சொல்கிறேன்: "இந்த பேக்கரியின் கியரிங் ஏற்கெனவே 62 சதவீதம் என்பதால்…" இப்படித் தொடங்கினால் கேஸின் தகவல் தானாக உள்ளே வந்துவிடும். அடுத்து, "வட்டி ஏறும் இந்த நேரத்தில் அதனால்…" என்று எழுதினால் ஒரு பலவீனமும் ஓர் அச்சுறுத்தலும் கைகோத்து, லாபம் எப்படிக் கரையும் என்ற அலசலாகிவிடும். நான்கு பெட்டியையும் தனித்தனியே நிரப்பிவிட்டு நிறுத்துகிறவர்கள் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.

முடிவுரைக்கு: "மூன்று கிளைகளைவிட ஒன்றே இவர்களுக்குப் பொருந்தும், ஏனென்றால் மாஸ்டர் நிலைக்காதவரை…" கேள்வி ஸ்வாட்டின் பயனைக் கேட்டால், "இந்த அலசல் கடனைக் காட்டிக்கொடுத்தது, ஆனால் எந்தப் பலவீனத்தை முதலில் சரிசெய்வது என்று சொல்லவில்லை" என்று எழுதலாம். அவள் இதுவரை எழுதியதோ "ஸ்வாட் மிகவும் பயனுள்ளது" என்பதுதான்.

வீட்டிலேயே சோதிக்கலாம். அவள் விடையில் பேக்கரியை அழித்துவிட்டு செருப்புக் கடை என்று போட்டுப் படியுங்கள். அப்போதும் ஒரு வாக்கியம் அப்படியே பொருந்தினால், அதைத் திரும்ப எழுதச் சொல்லுங்கள். பழைய வினாத்தாளும் மதிப்பீட்டுக் குறிப்பும் போதும். சி.ஏ. பேச்சைத் தேர்வு முடியும்வரை எடுக்க வேண்டாம் என்று அண்ணனிடம் நீங்களே சொல்லிவிடுங்கள்.