‘அப்புறம் ரேட்டிங் எதுக்கு?’

அன்புள்ள ஐயா,
பாயான் லெப்பாசில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருக்கிறேன். என் கீழ் ஒன்பது டெக்னீஷியன்கள். அவர்களுக்கு நல்ல ரேட்டிங் போட்டதும் நான்தான். இந்த வருஷம் யாருக்கும் இன்கிரிமென்ட் கிடையாது, அதையும் நீயே சொல்லிவிடு என்கிறார்கள். எப்படிப் பேசுவது?
- பினாங்கு வாசகர்

தம்பி,

பாராட்டில் ஆரம்பிக்காதீர்கள். அந்தத் தப்பை நான் கோலாலம்பூரில் செய்தேன். எல்லோரையும் ஒரே அறையில் உட்காரவைத்து, பத்து நிமிஷம் புகழ்ந்துவிட்டு, கடைசியில் இல்லை என்றேன். அதற்குள் அவரவர் மனசில் புதுச் சம்பளத்தைக் கணக்குப் போட்டு முடித்திருந்தார்கள். ஒருவர் கேட்டார்: “போன வருஷம் ரேட்டிங் 3, நாலு பெர்சன்ட் ஏறுச்சு. இந்த வருஷம் 5, ஒண்ணுமில்ல. அப்புறம் ரேட்டிங் எதுக்குண்ணே?” எனக்கு வாய் வரவில்லை.

இப்போதென்றால் இப்படிச் சொல்வேன்: “மொத்தம் எவ்வளவு ஏற்றலாம் என்பதைக் கம்பெனி முடிவு செய்கிறது. அதை யாருக்கு எவ்வளவு என்று பிரிக்கத்தான் ரேட்டிங். இந்த வருஷம் பிரிக்கவே எதுவும் இல்லை. உங்கள் 5 அப்படியே ஃபைலில் இருக்கும்.” அந்த 5 பதவி உயர்வுக்குக் கணக்கில் வருமா என்று எச்ஆரிடம் கேட்டுக்கொண்டு போங்கள். வராது என்றால் அந்தப் பேச்சையே எடுக்காதீர்கள். ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, உட்கார்ந்ததும் முதல் வாக்கியத்திலேயே விஷயத்தைச் சொல்லிவிடுங்கள்.

சின்னத் தொகைதானே என்று மட்டும் வாய்தவறியும் சொல்லிவிடாதீர்கள். 3,200 வெள்ளி வாங்குபவருக்கு 5 சதவீதம் என்றால் 160. அவர் கணக்கு அதோடு நிற்காது. ஓவர்டைம் கணக்கிடுவது அடிப்படைச் சம்பளத்தை 26 நாளாலும் 8 மணி நேரத்தாலும் வகுத்து, ஒன்றரை மடங்கு ஆக்கித்தான். இப்போது மணிக்கு 23.08 வெள்ளி. ஏறியிருந்தால் 24.23. மாசம் 40 மணி நேரம் ஓவர்டைம் செய்பவருக்கு அதிலேயே 46 வெள்ளி போகிறது. இபிஎஃப்பில் முதலாளி போடும் 13 சதவீதமும் பழைய சம்பளத்துக்குத்தான். அடுத்த வருஷம் 5 சதவீதம் கொடுத்தாலும் அது 3,200 மேல்தான் ஏறும், 3,360 மேல் இல்லை. அந்த வித்தியாசம் அவர் அங்கே இருக்கும்வரை கூடவே வரும். ஒருவேளை மேலிடம் ஒருமுறைத் தொகையாக ஏதாவது கொடுத்தால், அதை இன்கிரிமென்ட் என்று பெயர் சூட்டிக் கொடுக்காதீர்கள். முதலில் சிரிப்பவர் உங்கள் மூத்த டெக்னீஷியனாகத்தான் இருப்பார்.

அப்புறம், வேலை ஒப்பந்தத்தையும், யூனியன் இருந்தால் கூட்டு ஒப்பந்தத்தையும் ஒரு தடவை படித்துவிடுங்கள். வருஷாந்திர உயர்வு என்று அதில் எழுதியிருந்தால் இந்தப் பேச்சே வேறு. நீங்கள் பேசுவதற்கு முன் எச்ஆர் பேச வேண்டியிருக்கும்.

‘அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்’ என்று நான் சொன்னதை அந்த ஐந்துக்காரர் தேதி போட்டுக் குறித்து வைத்திருந்தார். மறு வருஷம் அந்த டைரியோடு வந்து நின்றார். எப்போது மறுபடி பரிசீலிப்பார்கள் என்று மேலிடத்தில் மாதத்தைக் கேட்டு வாங்குங்கள். தரவில்லையா, “மாதம் எனக்கும் சொல்லவில்லை” என்றே சொல்லுங்கள். ஒன்பது பேரிடமும் சம்பளச் சிலிப் வருவதற்குள் பேசி முடித்துவிடுங்கள். ஒருவர் அதைத் திறந்து பார்த்துத் தானாகத் தெரிந்துகொண்டால், மற்ற எட்டுப் பேருக்கும் நீங்கள் சொல்வதற்குள் கேன்டீன் சொல்லியிருக்கும்.