எம்பிஏ இருக்கட்டும், முதலில் மூன்று ஸ்டால் போடட்டும்

பி.காம் முடித்த பையன் மார்க்கெட்டிங் பிடிக்கும் என்கிறான், பெரியப்பா தனியார் கல்லூரியில் எம்பிஏ சீட்டு பேசிவிட்டார், இரண்டு வருடத்துக்கு 14 லட்சம், கடன் வாங்கலாமா என்று சென்னையிலிருந்து ஒரு அப்பா கேட்டிருக்கிறார்.

வாங்காதீர்கள் சார். ஏழரை லட்சத்துக்கு மேல் கல்விக்கடன் என்றால் வங்கி பெரும்பாலும் அடமானம் கேட்கும், உங்களிடம் இருப்பது வீட்டுப் பத்திரம் ஒன்றுதான். படிக்கிற காலத்திலும் வட்டி ஏறும். பையனோ இதுவரை முன்பின் தெரியாத ஒருவரிடம் ஒரு பொருளைக்கூட விற்றதில்லை. ஆனால் நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரிதான் எனக்கு முக்கியமாகப் பட்டது: அம்மா டெரகோட்டா நகை செய்கிறார், அதைப் படம் எடுத்து ஸ்டேட்டஸ் போடுவது அவன்தான், யாரும் சொல்லாமலே.

ஓஎம்ஆர் பக்கம் பெரிய அடுக்குமாடிக் குடியிருப்புகளில் சனி, ஞாயிறு சந்தை போடுகிறார்கள். அங்கே அம்மாவின் ஸ்டாலுக்கு ஆள் வரவைக்கும் வேலை முழுவதையும் அவனிடம் கொடுங்கள். வாடகை கட்டும் முன்பே ஏற்பாட்டாளரிடம் அவன் கேட்க வேண்டியது ஒன்று: குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் எங்கள் செய்தியைப் போடுவீர்களா? மாட்டோம் என்றால் அந்த ஸ்டால் வேண்டாம். நோட்டீஸ் அடித்தால் வாசலில் செக்யூரிட்டியே உள்ளே விடமாட்டார், காசு தண்டம்.

செய்தி சின்னதாக இருக்கட்டும். விலையோடு மூன்று நகைப் படம், ஸ்டால் எங்கே என்பதற்கு ஒரு அடையாளம், நேரம். கூடவே, "உங்கள் புடவையைப் படம் எடுத்து அனுப்புங்கள், அதற்கேற்ற கம்மல் எடுத்து வருகிறோம்." களிமண்ணைக் காயவைத்துச் சுட நாள் பிடிக்கும், ஆனால் சுட்டு வைத்த, வண்ணம் பூசாத கம்மல் கையில் இருந்தால் வண்ணமும் வார்னிஷும் ஒரு நாள் வேலைதான். அதனால் செவ்வாய்க்கிழமை செய்தி போட்டு, வியாழன் இரவோடு படம் வாங்குவதை நிறுத்திவிடலாம். படம் அனுப்பியவர் பெரும்பாலும் வந்து பார்ப்பார், அதுவும் சும்மா வரமாட்டார், பக்கத்து வீட்டு அக்காவையும் கூட்டிக்கொண்டு வருவார்.

ஸ்டாலில் அவன் மேசைக்குப் பின்னால் உட்காரக் கூடாது. முகம் முழுதாகத் தெரிகிற கண்ணாடி வேண்டும், ஒவ்வொன்றிலும் விலைச்சீட்டு வேண்டும், ஏனென்றால் விலை கேட்கக் கூச்சப்படுபவர்கள் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். நூறு ரூபாய்க்குள் உள்ளவை முன்வரிசையில். யாராவது போட்டுப் பார்த்தால் அனுமதி கேட்டுக் கடையின் போனில் ஒரு படம் எடுத்து, அதை அவர் எண்ணுக்கே அனுப்பட்டும். இது முக்கியம் சார். யுபிஐயில் பணம் வந்தால் பெயர் தெரியும், போன் எண் பெரும்பாலும் தெரியாது. படம் அனுப்பினால் எண் கிடைத்துவிடும். அப்போதே, "எங்கள் எண்ணை சேவ் பண்ணிக்கோங்க" என்று கேட்டுவிட வேண்டும், காரணம் வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் நம் எண்ணைச் சேமித்து வைத்தவருக்கு மட்டும்தான் போய்ச் சேரும். நூறு பேரைப் பட்டியலில் சேர்த்துவிட்டு ஒரு பதிலும் வரவில்லையே என்று குழம்புபவர்கள் பலர் இந்த இடத்தில்தான் கோட்டை விடுகிறார்கள்.

ஒரு நோட்டு கட்டாயம். வாங்கிய ஒவ்வொருவரிடமும் எப்படித் தெரிந்தது என்று கேட்டுக் குறிக்கட்டும்: குழுச் செய்தியா, வழியில் பார்த்ததா, தெரிந்தவர் சொன்னதா. கேட்டு இல்லாமல் போன நிறத்தையும் எழுதட்டும். சந்தை முடிந்த பிறகு நோட்டின் அந்தப் பக்கம்தான் வியாபாரம். "நீங்கள் கேட்ட மாம்பழ மஞ்சள் ஜிமிக்கி தயார்" என்று இரண்டு மூன்று நாளுக்குள் அவருக்கு மட்டும் ஒரு செய்தி. தினமும் காலை வணக்கம் அனுப்பினால் பிளாக் செய்துவிடுவார்கள், நானாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன்.

கணக்கை இப்படி வைத்துப் பாருங்கள். வாடகை 2,500, வண்டி 600, சீட்டு, கவர் 400, ஆக 3,500. விற்பனை 9,000, அதில் பொருள் செலவு 2,500 என்றால் கையில் நிற்பது 3,000. அம்மாவின் கூலியை இதில் கழிக்கவே இல்லை, அவருக்கு 1,500 கொடுத்துவிட்டு மிச்சத்தைப் பார்க்க வேண்டும். வாங்கிய 30 பேரில் 20 பேர் வழியில் பார்த்து வந்தவர்கள் என்றால் முன்கூட்டிப் போட்ட செய்தி சரியாக வேலை செய்யவில்லை, அடுத்த முறை அதை மாற்றட்டும்.

மூன்று ஸ்டால், பொருள் செலவைத் தவிர்த்து மொத்தச் செலவு 12,000, அதற்கு மேல் ஒரு ரூபாய் வேண்டாம், கடனும் வேண்டாம். மூன்றாவது ஸ்டாலிலும் அவன் மூலையில் உட்கார்ந்து போனை நோண்டினால் மார்க்கெட்டிங் அவனுக்கு ஆகாது, கட்டாயப்படுத்தாதீர்கள். இல்லை, எட்டு மணிக்கு மேலும் நின்று பேசிக்கொண்டிருக்கிறான் என்றால் அந்த நோட்டோடு கடைகளிலோ கண்காட்சி நடத்தும் நிறுவனங்களிலோ வேலை கேட்கலாம், எம்பிஏவை அப்புறம் தொலைதூரக் கல்வியில் சம்பளத்திலிருந்தே படித்துக்கொள்ளலாம். பெரியப்பா கேட்டால் முடிவு மூன்று சந்தை தள்ளிப்போயிருக்கிறது என்று சொல்லுங்கள். கல்லூரிக்கு அட்வான்ஸ் மட்டும் இப்போது கட்டிவிடாதீர்கள்.